“அனைவரும் தவறாமல் வரவும்”

திருப்பூரில் பின்னலாடை யூனிட்களில் பிளானிங் பார்க்கிறேன். ஒரு நாளில் பாதி நேரம் யாரையாவது எதற்காவது கூப்பிடுவதிலேயே போகிறது. முன்பு ஒரு யூனிட்டில் இருந்தபோது நான் அனுப்பிய அழைப்பு இது:

“அவசர மீட்டிங் – நேவி ஆர்டர். நாளை காலை 10.30, கான்ஃபரன்ஸ் ரூம். அனைவரும் தவறாமல் வரவும்.”

எட்டுப் பேர் வந்தார்கள். டையிங் இன்சார்ஜ் துணி சாம்பிள் இல்லாமல் வந்தார். மெர்ச்சண்டைசரிடம் பையர் ஓகே செய்த ஸ்வாட்ச், அதாவது நிறம் ஒப்பிட்டுப் பார்க்கும் துணித் துண்டு, இல்லை, அது மேஜை டிராயரில் இருந்தது. ஃபினிஷிங்காரர் அதே ஆர்டரின் லேபிள் பிரச்சினையைக் கிளப்பினார், அதில் அரை மணி நேரம் ஓடியது. கட்டிங் மாஸ்டர் கடைசிவரை வாயே திறக்கவில்லை. வெளியே வந்து கேட்டால், “என்னத்துக்குக் கூப்பிட்டீங்கன்னே தெரியாமத்தானுங்க வந்தேன், லைன்ல ஏதோ பிரச்சினைன்னு நெனச்சேன்” என்றார். ஒன்றேகால் மணி நேரம் பேசிவிட்டு, மறுநாள் மறுபடி உட்காரலாம் என்று கலைந்தோம்.

உண்மையில் பிரச்சினை மிகச் சின்னது. 18,000 பீஸ் நேவி டி-ஷர்ட் ஆர்டரில் 3வது லாட் துணி, 600 கிலோ, லேசாகச் சிவப்படித்து வந்திருந்தது. ஒரு பீஸுக்கு 220 கிராம் என்று வைத்தால் சுமார் 2,700 பீஸ். அடுத்த வாரம் புதன்கிழமை சரக்கு தூத்துக்குடிக்குக் கிளம்பியாக வேண்டும். துணியைத் திரும்ப டையிங்குக்கு அனுப்பி, மேலே கொஞ்சம் சாயம் ஏற்றி ஷேடைச் சரிசெய்யும் டாப்பிங் செய்வதா, அப்படியே தைத்துத் தனி கார்ட்டனில் போடுவதா? கேட்க வேண்டியது இவ்வளவுதான். ஆனால் என் அழைப்பில் இந்தக் கேள்வியே இல்லை. “நேவி ஆர்டர்” என்று மட்டும் இருந்ததால், வந்தவர்கள் அவரவருக்குத் தெரிந்த நேவி ஆர்டரைப் பேசினார்கள்.

அன்று, செவ்வாய்க்கிழமை மதியமே உட்கார்ந்து திருத்தி எழுதினேன். வாசகத்தைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் ஒரே ஒரு வரியை முடிக்கப் பார்த்தேன்: “இந்த அறையை விட்டு எழும்போது ______ என்பது முடிவாகியிருக்கும்.” அந்த இடத்தில் ‘விவாதிப்பது’, ‘பார்ப்பது’ என்றுதான் எழுத வருகிறது என்றால் மீட்டிங்குக்கு இன்னும் நேரம் வரவில்லை என்று அர்த்தம். பல சமயம் இந்த வரியை எழுதும்போதே, ஒரு போன் போட்டால் தீர்ந்துவிடும் என்பது தெரிந்துவிடும். அப்போது அழைப்பையே அனுப்புவதில்லை.

இந்த முறை வரி நிரம்பியது. அனுப்பியது இது:

முடிவு தேவை: நேவி 3வது லாட் – டாப்பிங்கா, தனி கார்ட்டனா? வியாழன் 10.30–11.00

3வது லாட் (600 கிலோ) பையர் ஓகே செய்த ஷேடைவிடச் சிவப்பாக இருக்கிறது. தெரிந்த வழிகள் இரண்டு. ஒன்று, டாப்பிங்: காம்பாக்டிங் முடிய 4 நாள், திங்கள் கைக்கு வரும். இன்னொன்று, அப்படியே தைத்துத் தனி கார்ட்டன்: பையர் சம்மதம் வேண்டும். வேறு வழி தோன்றினால் புதன் மாலைக்குள் எனக்குச் சொல்லவும்.

முடிவு சொல்பவர் ஃபேக்டரி மேனேஜர். அவர் வர முடியாவிட்டால் மட்டும் மீட்டிங் தள்ளிப்போகும்.

மெர்ச்சண்டைசர்: தனி கார்ட்டனுக்குச் சம்மதமா என்று பையரிடம் இன்றே மெயில் போட்டு, பதிலோடும் ஓகே ஸ்வாட்சோடும் வரவும். டையிங்: மூன்று லாட்டிலிருந்தும் ஒவ்வொரு துண்டு, லைட் பாக்ஸில் பார்த்துவிட்டு வரவும். கட்டிங்: 3வது லாட்டில் எத்தனை கிலோ வெட்டியாகிவிட்டது என்று புதன் மாலை 5-க்குள் எனக்கு ஒரு மெசேஜ். நேரில் வர வேண்டியதில்லை.

வியாழன் மதியம் 12-க்குள் முடிவாகாவிட்டால் டையிங்கில் மெஷின் வேறு லாட்டுக்குப் போய்விடும். பிறகு தனி கார்ட்டன் ஒன்றுதான் வழி.

லேபிள் விஷயம் இதில் இல்லை, அதைத் தனியாகப் பேசுவோம்.

தலைப்பில் கேள்வியையே வைத்ததற்குக் காரணம், ஃப்ளோரில் நிற்பவர் போனில் பார்ப்பது நோட்டிஃபிகேஷன் வரியை மட்டும்தான். உள்ளே திறந்து படிப்பார் என்று நம்பி எழுதக்கூடாது. ‘முடிவு தேவை’ என்ற இரண்டு வார்த்தையும் முதலில் வர வேண்டும். கடைசியில் போட்டால் சின்னத் திரையில் வெட்டுப்பட்டுவிடும்.

தயாரிப்பை ஆள் வாரியாகப் பிரித்ததுதான் பெரிய வித்தியாசம். “விவரங்களுடன் வரவும்” என்றால் அது யார் தலையிலும் விழாது. அதிலும் வெளியாள் பதில் தேவைப்படும் வேலைதான் மீட்டிங் நேரத்தையே தீர்மானிக்கும். பையர் பதில் தர ஒரு நாளாவது ஆகும் என்பதால்தான் புதனை விட்டு வியாழன் வைத்தேன். அவசரம் என்று புதன் காலையே கூடியிருந்தால், “பையர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேங்க” என்ற ஒரே வாக்கியத்தோடு கலைந்திருப்போம்.

புதன் மாலை கட்டிங் மாஸ்டரிடமிருந்து வந்த மெசேஜ்: “150 கிலோ வெட்டியாச்சுங்க.” வெட்டிய பீஸைத் திரும்பச் சாயத்தில் போட முடியாது, சுருங்கி அளவு போய்விடும். ஆக, நான் எழுதிய ‘இதுவா அதுவா’ என்ற கேள்வியே பாதி தப்பு. 600 கிலோவுக்கும் டாப்பிங் என்பது ஏற்கெனவே நடக்காத காரியம். உடனே அதே அழைப்பில் ஒரு வரி சேர்த்து அப்டேட் அனுப்பினேன்: “வெட்டியது 150 கிலோ, சுமார் 680 பீஸ். இதற்குத் தனி கார்ட்டன் மட்டுமே. கேள்வி மீதி 450 கிலோவுக்கு.” புது மெயிலாக அனுப்பியிருந்தால் காலண்டரில் பழைய வாசகமே நின்றிருக்கும்.

வியாழன் நான்கு பேர் உட்கார்ந்தோம். மெர்ச்சண்டைசர் கையில் பையர் பதில் இருந்தது: தனி கார்ட்டன் சரி, ஆனால் 1,000 பீஸுக்கு மேல் வேண்டாம். டையிங் இன்சார்ஜ் மேஜையில் மூன்று துண்டுகளையும் வைத்தார். 450 கிலோ டாப்பிங்குக்கு, 680 பீஸ் தனி கார்ட்டனுக்கு. இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

இந்த முறை எல்லா இடத்திலும் செல்லாது. ஒரு தடவை முதலாளி ஏற்கெனவே ஒரு லைனை மூட முடிவு செய்திருந்தார், எனக்கும் அது தெரியும். ஆனாலும் “முடிவு தேவை” என்று தலைப்பிட்டு, இரண்டு வழிகள் எழுதி அனுப்பினேன். சூப்பர்வைசர்கள் இருவர் இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டு, லைனை ஓட்ட ஒரு திட்டத்தோடு வந்தார்கள். அந்தத் தாளை யாரும் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு நான் அனுப்பிய மூன்று நான்கு அழைப்புகளுக்கு அவர்கள் இருவரும் வெறுங்கையோடுதான் வந்தார்கள். இப்போது முடிவாகிவிட்ட விஷயம் என்றால் தலைப்பில் “தகவல்” என்று போட்டுவிடுகிறேன், தயாரிப்பு எதுவும் கேட்பதில்லை, நேரமும் பத்து நிமிடம்தான்.