சிந்திய ஹிஸ்டமினைக் குவெர்செடின் அள்ளாது

தோல் ஒவ்வாமைச் சோதனைக்காக என்னிடம் ஒரு பெண் வந்திருந்தார். வயது 34. பல வருடங்களாகவே காலையில் கண் விழித்ததும் பதினைந்து, இருபது தும்மல். மூக்கிலிருந்து தண்ணீராகக் கொட்டும், கண்ணோரம் அரிக்கும். போர்வையை உதறிய நாளில் இன்னும் மோசம். சோதனைக்கு ஒரு வாரம் முன்பிருந்தே ஒவ்வாமை மாத்திரைகளை நிறுத்தியிருக்க வேண்டும் என்பதால், நிறுத்தினீர்களா என்று கேட்டேன்.

"செட்டிரிசின் தொடவே இல்லை டாக்டர். குவெர்செடின் கேப்சூல் மட்டும்தான் போட்டேன். அது வெங்காயத்தில் இருப்பதுதானே?"

500 மில்லிகிராம் கேப்சூல். தும்மல் தொடங்கியதும் ஒன்றை விழுங்குவாராம். பெரும்பாலும் அரை மணி நேரத்தில் அடங்கிவிடுமாம், சில நாள் அடங்காதாம். "ஹிஸ்டமினை இது தடுக்கும் என்று படித்தேன்" என்றார். அவர் படித்தது பொய்யல்ல. ஆனால் தடுப்பது எந்த இடத்தில், எந்த நேரத்தில், எவ்வளவு இருந்தால் என்ற மூன்றையும் அவருக்கு யாரும் சொல்லவில்லை. இந்த மூன்றும் தெரியாமல் கேப்சூல் வாங்குகிறவர்கள் இப்போது நிறைய வருகிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் இடம். மூக்கின் உள்சவ்விலும் தோலிலும் குடலிலும், மெல்லிய ரத்தக் குழாய்களை ஒட்டியபடி மாஸ்ட் செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் காத்திருக்கின்றன. ஒவ்வொன்றின் உள்ளேயும் நூற்றுக்கணக்கான சிறு பைகள். தும்மலையும் அரிப்பையும் கிளப்பும் ஹிஸ்டமின் முன்கூட்டியே தயாரிக்கப்பட்டு அந்தப் பைகளில் அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. செல்லின் வெளிப்புறத்தில் ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்புப் புரதங்கள் முள் முள்ளாக ஒட்டிக்கொண்டிருக்கும். தூசிப்பூச்சியின் புரதத் துணுக்கு ஒன்று வந்து பக்கத்துப் பக்கத்து ஐ.ஜி.இ. இரண்டைச் சேர்த்துப் பிடித்தால், செல்லுக்குள் சமிக்ஞை கிளம்புகிறது. லின், சிக் எனப்படும் இரண்டு நொதிகள் அதை அடுத்தடுத்துக் கைமாற்றுகின்றன. முடிவில் செல்லுக்குள் கால்சியம் பெருக்கெடுக்கிறது. அந்தக் கால்சியம்தான் பைகளைச் செல்லின் சுவரோடு இணைத்து, வாய் திறந்து கொட்ட வைக்கிறது. தூசி பட்டதிலிருந்து கொட்டுவது வரை சில நிமிடங்கள்கூட ஆவதில்லை.

குவெர்செடின் வேலை செய்வது இந்தச் சங்கிலியின் நடுவில். நொதிகள் சமிக்ஞையைக் கைமாற்றுவதை மந்தமாக்குகிறது, கால்சியம் ஏறுவதைக் குறைக்கிறது. கால்சியம் ஏறாவிட்டால் பைகள் மூடியே கிடக்கும். எலியின் மாஸ்ட் செல்களில் குவெர்செடின் ஹிஸ்டமின் வெளியேற்றத்தை அடக்குகிறது என்று கிளேர் ஃப்யூட்ரெல், பாஸ்டியன் கோம்பர்ட்ஸ் இருவரும் 1977இலேயே காட்டிவிட்டார்கள். பிறகு மனித ரத்தத்தின் பேசோஃபில் செல்களிலும், ஆய்வகத்தில் வளர்த்த மனித மாஸ்ட் செல்களிலும் இதே விளைவு திரும்பத் திரும்பத் தெரிந்தது.

குவெர்செடின் ஃபிளேவனாய்டு என்ற தாவரப் பொருள் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தப் பெயர் இருந்தால் போதும், எல்லாம் இப்படிச் செய்யும் என்று நினைத்துவிடக் கூடாது. குவெர்செடினின் மூன்று வளையங்களில் நடு வளையத்தில் ஓர் இரட்டைப் பிணைப்பு இருக்கிறது. அது அந்த மூலக்கூறைத் தட்டையாக வைத்திருக்கிறது. லூட்டியோலின் என்ற இன்னொரு ஃபிளேவனாய்டிலும் அது உண்டு, அதுவும் மாஸ்ட் செல்லை அடக்கும். தேயிலையில் உள்ள கேட்டசினில் அந்தப் பிணைப்பு இல்லை. இந்த வேலையில் அது மிகவும் பின்தங்குகிறது. குவெர்செடினே சர்க்கரையோடு சேர்ந்து ரூட்டினாக இருக்கும்போது சோதனைக் குழாயில் வீரியம் குறைந்து நிற்கிறது. மாஸ்ட் செல்லை அமைதிப்படுத்தும் மருந்தாக நாங்கள் பல காலமாகப் பயன்படுத்தும் குரோமோலினும் தூரத்து உறவுதான். கெல்லின் என்ற தாவரப் பொருளின் வழியில் போய், 1965இல் உருவாக்கப்பட்ட மருந்து அது. அதை முதலில் தன் ஆஸ்துமாவிலேயே சோதித்துப் பார்த்தவர் ரோஜர் அல்டூன்யன் என்ற மருத்துவர்.

இனி அந்தப் பெண்ணின் கைக்கு வருகிறேன். முன்கையில் வரிசையாகத் துளிகள் வைத்து, ஒவ்வொன்றின் வழியாகவும் சிறு ஊசிமுனையால் தோலை மேலோட்டமாகக் குத்தினோம். ஒரு துளி வெறும் உப்புக் கரைசல். ஒன்று தூசிப்பூச்சிச் சாறு. இன்னொன்று ஹிஸ்டமினேதான். சோதனை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க அதை எப்போதும் வைப்போம். பதினைந்து நிமிடம் கழித்துப் பார்த்தால், உப்புக் கரைசல் இருந்த இடம் தெரியவே இல்லை. ஹிஸ்டமின் இருந்த இடத்தில் 6 மில்லிமீட்டர் தடிப்பு. தூசிப்பூச்சி இருந்த இடத்தில் 8 மில்லிமீட்டர், சுற்றிலும் நல்ல சிவப்பு. கொசு கடித்தது போல நடுவில் வெளுத்து எழும்பியிருந்தது.

அந்த இரண்டு தடிப்புகளையும் அவரிடம் காட்டித்தான் விளக்கினேன். செட்டிரிசின் போட்டிருந்தால் ஹிஸ்டமின் துளியே எழும்பியிருக்காது, அல்லது சுருங்கிப் போயிருக்கும். ஏனென்றால் செட்டிரிசின் ஹிஸ்டமின் போய் உட்காரும் ஏற்பியை அடைத்துவிடுகிறது. சிந்தியது யார், எப்போது என்று அது பார்ப்பதில்லை. குவெர்செடினுக்கு அந்த வேலை கிடையாது. அதன் வேலையெல்லாம் ஹிஸ்டமின் செல்லுக்குள் இருக்கும்வரைதான். வெளியே வந்த ஹிஸ்டமினுக்கு முன்னால் அது ஒன்றும் செய்வதற்கில்லை. அதனால்தான் ஹிஸ்டமின் துளி இருந்த இடம் தடையின்றி வீங்கியது. தூசிப்பூச்சித் தடிப்பு சொல்வது வேறு: கேப்சூல் போட்டிருந்தும் அவர் தோலின் மாஸ்ட் செல்கள் தூசிப்பூச்சியைக் கண்டதும் கொட்டத்தான் செய்தன. ஒருவரின் கையை வைத்து எல்லோருக்கும் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் விஷயத்தில் இந்தச் சான்று போதுமானதாக இருந்தது.

அப்படியானால் அரை மணி நேரத்தில் தும்மல் நின்றது எப்படி என்று கேட்டார். நியாயமான கேள்வி. சிந்திய ஹிஸ்டமினை உடலே வேகமாகச் சிதைத்துவிடுகிறது. படுக்கையை விட்டு எழுந்து போய்விட்டால் தூசியும் குறைகிறது. கேப்சூல் இல்லாமலும் முதல் அலை ஏறத்தாழ அந்த நேரத்தில்தான் ஓய்ந்திருக்கும். தும்மல் தொடங்கிய பிறகு விழுங்கிய கேப்சூல், கரைந்து, குடலைக் கடந்து, ரத்தத்தில் ஏறுவதற்குள் பைகள் எப்போதோ காலியாகிவிட்டன. இதே தவறை மூக்கொழுக்கில் செய்தால் ஒரு காலைப்பொழுது வீணாகும், அவ்வளவுதான். உணவு ஒவ்வாமையிலோ குளவிக் கடியிலோ மூச்சுத் திணறி, நாக்கு வீங்கி, தலை சுற்றும் நேரத்தில் செய்தால் உயிர் போகும். அங்கே தொடையின் வெளிப்பக்கத் தசையில் அட்ரினலின் ஊசி ஒன்றே முதல் மருந்து. கேப்சூல் அல்ல, செட்டிரிசினும் அல்ல.

மூன்றாவது கேள்வி அளவு. இதைத்தான் விளம்பரங்கள் சொல்வதே இல்லை. ஆய்வகத்தில் மாஸ்ட் செல்களை அடக்கப் பயன்படுத்துவது பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோமோலார் குவெர்செடின். அதன் மூலக்கூறு எடை 302 என்பதால், 100 மைக்ரோமோலார் என்றால் ஒரு லிட்டர் திரவத்தில் 30 மில்லிகிராம். அது தண்ணீரில் சரியாகக் கரையாது, கரைப்பான் ஒன்றில் கரைத்துத்தான் செல்களின் மேல் விடுகிறார்கள். வாய்வழியாகச் சாப்பிட்டவரின் ரத்தத்தில் காண்பது பொதுவாக ஒரு மைக்ரோமோலார் அளவை ஒட்டியே நிற்கிறது. லிட்டருக்கு 0.3 மில்லிகிராம். ஆய்வக அளவில் பத்தில் ஒரு பங்கிலிருந்து நூறில் ஒரு பங்கு வரைதான். அதிலும் பெரும்பகுதி தனிக் குவெர்செடின் அல்ல. குடல் சுவரும் கல்லீரலும் அதன்மேல் குளுகுரோனிக் அமிலத்தையும் சல்பேட்டையும் ஒட்டி, சிறுநீரில் போகத் தயாராக்கி அனுப்பியவை. அழற்சி உள்ள இடங்களில் ஒரு நொதி இந்த ஒட்டுகளை மீண்டும் கழற்றிவிடக்கூடும். இதில் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை உண்டு. ஆனாலும் பத்து முதல் நூறு மடங்கு இடைவெளி சின்ன இடைவெளி இல்லை.

வெங்காயக் கதையும் இதனோடு சேர்ந்ததுதான். வெங்காயத்தில் குவெர்செடின் குளுக்கோஸோடு சேர்ந்திருக்கிறது. 1995இல் நெதர்லாந்தில் பீட்டர் ஹொல்மன் குழுவினர், பெருங்குடல் அகற்றப்பட்ட தன்னார்வலர்களிடம் அளந்து பார்த்தபோது, வெங்காயத்திலிருந்து வந்த குவெர்செடினில் 52 சதவீதம் உறிஞ்சப்பட்டிருந்தது. தனிக் குவெர்செடினில் 24 சதவீதம், ரூட்டினில் 17. எனவே லேபிளில் உள்ள மில்லிகிராம் எண்ணை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஜப்பானில் செடார் மகரந்த ஒவ்வாமை உள்ளவர்களுக்கு, நன்றாக உறிஞ்சப்படும்படி மாற்றிய ஐசோகுவெர்சிட்ரின் என்ற குவெர்செடின் வடிவத்தை 8 வாரம் தினமும் கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வுகள் உள்ளன. கண் அரிப்பிலும் கண்ணீரிலும் குறைவு தெரிந்தது, மூக்கில் அந்த அளவு தெளிவாக இல்லை. சிலரிடம்தான் பார்த்திருக்கிறார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அவர்கள் தும்மும்போது கொடுக்கவில்லை. தினமும் கொடுத்தார்கள். குவெர்செடினால் பயன் உண்டென்றால் அது இப்படித்தான் இருக்க முடியும்.

அந்தப் பெண்ணுக்கு ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே எழுதினேன். தலையைச் சற்றுக் குனிந்து, இடது மூக்குக்கு வலது கையால், வலது மூக்குக்கு இடது கையால் அடிக்கச் சொன்னேன். அப்போதுதான் முனை நடுச்சுவரைக் குத்தாமல் வெளிப்பக்கம் திரும்பும், ரத்தக் கசிவும் குறையும். தலையணைக்கும் மெத்தைக்கும் பூச்சி புகாத உறை, வாரம் ஒருமுறை சூடான நீரில் விரிப்புகளைத் துவைப்பது. கேப்சூலை நிறுத்தச் சொல்லவில்லை. விரும்பினால் தும்மலுக்குக் காத்திராமல் தினமும் ஒரே நேரத்தில் சாப்பாட்டோடு எடுங்கள், இரண்டு மாதத்தில் வித்தியாசம் இல்லையென்றால் காசை மிச்சப்படுத்துங்கள் என்றேன். ஆறு வாரம் கழித்து வந்தபோது காலைத் தும்மல் இரண்டு மூன்றாகக் குறைந்திருந்தது. ஸ்பிரே, உறை, கேப்சூல் மூன்றும் ஒன்றாகத் தொடங்கியதால் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல மாட்டேன். ஸ்பிரேயின் பங்குதான் பெரிது என்பது என் கணிப்பு.

கிளம்பும்போது, "மாமனாருக்கும் இதே கேப்சூலைத்தான் கொடுக்கிறேன் டாக்டர், அவருக்கும் மூக்கடைப்பு" என்றார். வேறு என்ன மருந்து எடுக்கிறார் என்று கேட்டேன். இதயத் துடிப்புக் கோளாறுக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின். வார்ஃபரினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைக் குவெர்செடின் ஆய்வகத்தில் தடுக்கிறது. ரத்தத்தில் இரண்டும் ஒட்டுவது ஒரே புரதத்தில். அவருக்கு அன்றே கேப்சூலை நிறுத்தச் சொன்னேன். ரத்தம் உறையும் நேரத்தை அந்த வாரமே அளந்து, வார்ஃபரின் கொடுக்கும் மருத்துவரிடம் இந்தக் கேப்சூல் விஷயத்தையும் மறக்காமல் சொல்லும்படி அதே சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்.