நேற்றைய வவுச்சர், இன்றைய மேசை: வங்கிக் கிளையில் கன்கரண்ட் ஆடிட் எப்படி நடக்கிறது

காலை பத்தரை மணிக்குக் கவுன்டரில் வரிசை நீளத் தொடங்கும்போது, கிளையின் பின்பக்க அறையில் ஒருவர் முந்தைய நாளின் வவுச்சர் கட்டைப் பிரித்துக்கொண்டிருப்பார். அவர் பட்டயக் கணக்காளர் நிறுவனத்திலிருந்து வந்தவராகவோ, வங்கியிலேயே பணியாற்றி ஓய்வுபெற்ற அதிகாரியாகவோ, அதே வங்கியின் தணிக்கைப் பிரிவைச் சேர்ந்தவராகவோ இருக்கலாம். அவர் செய்வது உடன்நிகழ் தணிக்கை. வங்கிக்காரர்கள் பேச்சில் 'கன்கரண்ட் ஆடிட்'. ஆண்டு முடிந்தபின் வரும் தணிக்கையாளர் கணக்கு சரியா என்று பார்க்கிறார். இவரோ, நேற்று நடந்த ஒவ்வொரு முக்கியப் பரிவர்த்தனையும் அதைச் செய்ய உரிமை உள்ளவரால், செய்ய வேண்டிய முறையில் செய்யப்பட்டதா என்று பார்க்கிறார். பணம் போனபின் அதன் தடத்தைத் தேடுவதற்கும், போன மறுநாளே கதவைத் தட்டுவதற்கும் இடையில் உள்ள வேறுபாடுதான் இந்த முறையின் அடிப்படை. வங்கி மோசடிகளை ஆராய்ந்த கோஷ் குழுவின் பரிந்துரையை ஒட்டி, 1993-இல் ரிசர்வ் வங்கி இதை இந்திய வங்கிகளில் கொண்டுவரச் சொன்னது.

கணினி எல்லாக் கூட்டலையும் சரியாகச் செய்யும் காலத்தில் வவுச்சரை எதற்குப் பார்க்க வேண்டும் என்று கேட்கத் தோன்றும். கூட்டலுக்காக யாரும் பார்ப்பதில்லை. கோர் பேங்கிங் மென்பொருளில் ஒருவர் பதிவுசெய்ய, இன்னொருவர் அங்கீகரித்தால்தான் பெரிய தொகைகள் நகரும். ஆனால் அங்கீகரித்தது அந்த மனிதரா, அவருடைய பயனர் அடையாளமும் கடவுச்சொல்லும் மட்டும்தானா என்பது கணினிக்குத் தெரியாது. ஆகவே அனுபவமுள்ள தணிக்கையாளர் வவுச்சர் கட்டோடு வருகைப் பதிவேட்டையும் கேட்டு வாங்குவார். செவ்வாய்க்கிழமை விடுப்பில் இருந்த அதிகாரியின் அடையாளத்தில் செவ்வாய்க்கிழமை பிற்பகல் ஒரு பற்று அங்கீகரிக்கப்பட்டிருந்தால், அந்த வவுச்சரின் தொகை நூறு ரூபாயாக இருந்தாலும் அது பெரிய செய்தி.

எல்லா வவுச்சர்களுக்கும் ஒரே கவனம் தரப்படுவதில்லை, தரவும் முடியாது. ஒரு வாடிக்கையாளர் தன் காசோலையைக் கொடுத்துத் தன் பணத்தை எடுத்தால், தவறு நேர்ந்தாலும் கேள்வி கேட்க அவர் இருக்கிறார். கேள்வி கேட்க ஆள் இல்லாத கணக்குகளில்தான் ஆபத்து கூடுகிறது. வங்கியின் சொந்தக் கணக்குகளான, எங்கே சேர்ப்பது என்று முடிவாகாத தொகைகளைத் தற்காலிகமாக வைக்கும் சஸ்பென்ஸ், பலவகைச் சில்லறை இனங்களுக்கான சன்ட்ரி, செலவுக் கணக்கு ஆகியவற்றில் விழும் பற்றுகளும், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாடிக்கையாளர் தொடாமல் விட்டதால் செயலற்றதாகிவிட்ட கணக்குகளில் விழும் பற்றுகளும் அந்த வகை. செயலற்ற கணக்கு ஒன்று திங்களன்று உயிர்ப்பிக்கப்படுகிறது, புதனன்று அதன் கைபேசி எண் மாற்றப்படுகிறது, வெள்ளியன்று அதிலிருந்து பணம் எடுக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் தனியே பார்த்தால் தவறே தெரியாது. மூன்றும் மூன்று வெவ்வேறு அறிக்கைகளில் வருவதால், மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பவருக்கு மட்டுமே ஒரு கதை தெரியும். அதன்பின் அவர் கேட்பது எளிய கேள்விகள்தான்: உயிர்ப்பிக்கக் கோரிய கடிதம் எங்கே, அன்று வாங்கிய அடையாளச் சான்றின் நகல் எங்கே, பணம் எடுத்த சீட்டின் கையெழுத்து கணக்கு தொடங்கிய நாளின் மாதிரிக் கையெழுத்தோடு பொருந்துகிறதா?

இந்த முறைக்கு ஓர் எல்லை இருப்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கணினியின் நாளறிக்கையிலிருந்து தொடங்கும் தணிக்கை, அந்த அறிக்கைக்கு வராத பரிவர்த்தனையைப் பார்க்காது. 2018 பிப்ரவரியில் வெளிவந்த பஞ்சாப் நேஷனல் வங்கியின் மும்பைக் கிளை மோசடியில், வாடிக்கையாளரின் கடனுக்கு வங்கி பொறுப்பேற்பதாக வெளிநாட்டு வங்கிகளுக்கு எழுதும் உறுதிக் கடிதங்கள், வங்கிகளுக்கிடையேயான செய்தி வலையமைப்பான ஸ்விஃப்ட் வழியாக நேரடியாக அனுப்பப்பட்டன. கோர் பேங்கிங்கில் அவற்றுக்குப் பதிவே இல்லை. அத்தகைய இடத்தில் வவுச்சர் கட்டை எத்தனை முறை புரட்டினாலும் பயனில்லை. ஸ்விஃப்டில் வெளியே போன செய்திகளின் பட்டியலைத் தனியே எடுத்து, ஒவ்வொன்றுக்கும் கணக்கில் எதிர்ப்பதிவு உண்டா என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது ரொக்கம். ஒவ்வொரு கிளைக்கும் இரவில் எவ்வளவு ரொக்கம் வைத்திருக்கலாம் என்று ஓர் உச்சவரம்பு உண்டு. கிளையில் வழக்கமாக வெளியே போகும் பணத்தைக் கணக்கிட்டு வட்டார அலுவலகம் அதை நிர்ணயிக்கும். மிஞ்சும் பணம், ரிசர்வ் வங்கியின் சார்பில் ரொக்கம் வைக்கப்படும் கிடங்கான கரன்சி செஸ்டுக்குப் போய்விட வேண்டும். பெட்டகத்தில் தூங்கும் பணம் வட்டி ஈட்டாது என்பது ஒரு காரணம். வரம்புக்கு மேல் இருந்த பணம் திருட்டுப்போனால் காப்பீட்டு இழப்பீட்டில் சிக்கல் வரலாம் என்பது இன்னொன்று. மூன்றாவதாக ஒன்று உண்டு; வரம்பு மீறலைத் தணிக்கையாளர் நோயின் அறிகுறியாகவும் படிப்பார் என்பதுதான் அது.

வரம்பு 20 லட்சம் உள்ள ஒரு கிளையை எடுத்துக்கொள்வோம். மாலைக் கணக்கில் ரொக்க இருப்பு 31, 33, 32, 34 லட்சம் என்று இரண்டு வாரமாக வரம்புக்கு மேலேயே நிற்கிறது. செஸ்டுக்கு ஏன் அனுப்பவில்லை என்றால், வண்டி கிடைக்கவில்லை, பாதுகாவலர் வரவில்லை, திருவிழா நேரம் என்று பதில் வருகிறது. இந்தப் பதில்கள் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கணக்கில் இருக்கும் 34 லட்சத்தில் 22 லட்சம் கையில் இல்லை என்றால், வரம்புக்கு மேலுள்ள 14 லட்சத்தைக் காசாளரால் செஸ்டுக்கு அனுப்பவே முடியாது. அனுப்ப எண்ணிய கணமே குட்டு வெளிப்பட்டுவிடும். எனவே இவ்வளவு பெரிய பற்றாக்குறையை மறைப்பவருக்கு வரம்பு மீறல்தான் எளிய வழி. இதை அறிந்தவர் விளக்கக் கடிதம் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். முன்னறிவிப்பு இல்லாமல் காலையில் பெட்டகம் திறக்கும் நேரத்தில் வந்து நிற்பார்.

திறப்பதிலும் ஒரு முறை உண்டு. பெட்டகத்துக்கு இரண்டு சாவிகள். இரண்டும் இரு வேறு அதிகாரிகளிடம் இருக்க வேண்டும். ஒருவரே இரண்டு சாவிகளையும் பையிலிருந்து எடுத்தால், பணம் சரியாக இருந்தாலும் அது குறிப்பில் ஏறும். பிறகு எண்ணிக்கை. ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் நூறு கொண்ட ஒரு கட்டு 50,000 ரூபாய். பத்துக் கட்டு சேர்ந்த பெரிய கட்டு 5 லட்சம். பெரிய கட்டுகளை மட்டும் எண்ணி முடித்துவிடுபவர் ஏமாறுவார். மேலும் கீழும் ஐந்நூறு, நடுவில் நூறு என்று அடுக்கிய கட்டு பக்கவாட்டில் பார்த்தாலே நிறத்திலும் அளவிலும் காட்டிக்கொடுக்கும் என்றாலும், அழுக்குத் தாள் கட்டுகளில் அது எளிதில் தெரியாது. ஆகையால் சில கட்டுகளை, அதிலும் நெடுநாளாக ஓரத்தில் இருக்கும் அழுக்குத் தாள் கட்டுகளை, பிரித்துத் தாள் தாளாக எண்ணுவார். கிளையின் பொறுப்பில் ஏடிஎம் இருந்தால் அதையும் அதே நேரத்தில் எண்ண வேண்டும். இல்லையென்றால் பெட்டகத்தின் குறையை ஏடிஎம் பணம் பத்து நிமிடத்தில் நிரப்பிவிடும்.

கடன் பக்கம் வந்தால், தணிக்கையாளரின் கையில் இருக்கும் முதல் கருவி நாள்காட்டிதான். கடன் அனுமதிக் கடிதத்தில், பணம் தருவதற்கு முன் நிறைவேற்ற வேண்டிய நிபந்தனைகள் இருக்கும். ஆவணங்கள் எல்லாம் கோப்பில் இருக்கின்றனவா என்று மட்டும் பார்ப்பது பாதி வேலை. எந்த வரிசையில் வந்தன என்பதுதான் மீதி. தமிழ்நாட்டில் சொத்தின் மூலப்பத்திரத்தை அடமானமாக ஒப்படைத்து, அதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவுசெய்தால், அந்தப் பதிவு வில்லங்கச் சான்றில் ஏறும். பணம் 12-ஆம் தேதி கொடுக்கப்பட்டு, பதிவு 27-ஆம் தேதி நடந்திருந்தால், கோப்பு இன்று முழுமையாக இருந்தாலும், பதினைந்து நாள் வங்கியின் பணம் பதிவுபெற்ற பிணையில்லாமல் நின்றது. கோப்பில் உள்ள வில்லங்கச் சான்றை நம்பாமல், பதிவுத்துறையின் இணையதளத்திலிருந்து தாமே ஒன்றை எடுத்து ஒப்பிடுவது நல்ல பழக்கம்.

அனுமதித்தவரின் அதிகார எல்லையும் சோதிக்கப்படும். மேலாளருக்கு 25 லட்சம் வரை அதிகாரம் என்றால், 44 லட்சம் தேவைப்படும் கடை கணவர் பெயரில் 24, மனைவி பெயரில் 20 என்று இரண்டாகப் பிரிந்து வரலாம். பெயர்கள் வேறு, ஆனால் இரண்டு கோப்பிலும் ஒரே வாடகை ஒப்பந்தம், ஒரே ஜாமீன்தாரர், ஒரே கடையின் விலைப்புள்ளி அடுத்தடுத்த எண்களில். அப்போது அது ஒரே கடன்; அனுமதி மேலிடத்திலிருந்து வந்திருக்க வேண்டும்.

கடன் கொடுத்தபின் தொடரும் தவறுகளில் பரவலாகக் காணப்படுவது டிராயிங் பவர், அதாவது கடன் வாங்கியவர் அப்போது எடுக்கக்கூடிய தொகை, பற்றிய கணக்கில் நேர்வது. ஆயத்த ஆடை வியாபாரி ஒருவருக்கு, சரக்கின் பேரில் வேண்டும்போது எடுத்துத் திருப்பிக் கட்டும் கேஷ் கிரெடிட் கடனில் 40 லட்சம் வரம்பு இருப்பதாகக் கொள்வோம். 40 லட்சம் என்பது உச்சி. எந்த மாதமும் அவர் உண்மையில் எடுக்கக்கூடியது அவர் தரும் சரக்கு அறிக்கையைப் பொறுத்தது. இந்த மாத அறிக்கையில் சரக்கு 36 லட்சம், வசூலாக வேண்டிய பாக்கி 20 லட்சம். கிளை, பாதுகாப்புக்காகச் சரக்கில் 25 சதவீதம் கழித்து 27 லட்சமும், பாக்கியில் 40 சதவீதம் கழித்து 12 லட்சமும் சேர்த்து 39 லட்சம் என்று கணினியில் ஏற்றிவிட்டது. கணக்கில் நிலுவை 37 லட்சம். எல்லாம் ஒழுங்கு போலத் தெரிகிறது.

அறிக்கையின் அடியில் இன்னொரு வரி இருக்கிறது: சரக்குக்காக வியாபாரி தர வேண்டிய பாக்கி 10 லட்சம். அந்த 10 லட்சம் மதிப்புள்ள சரக்குக்கு அவர் இன்னும் பணமே கொடுக்கவில்லை. அதற்கு நிதி கொடுத்திருப்பது நூல் ஆலையும் துணி வியாபாரியும். அதன் பேரில் வங்கியும் கடன் கொடுத்தால் ஒரே சரக்கு இரண்டு முறை கடன் வாங்கியதாகிவிடும். எனவே 36-இல் 10 கழித்து 26. அதில் கால்பங்கு கழித்தால் 19.5. பாக்கிக்கான 12-ஐச் சேர்த்தால் 31.5 லட்சம். அதாவது, ஒழுங்காகத் தெரிந்த கணக்கு 5.5 லட்சம் மிகையாக எடுக்கப்பட்ட கணக்கு. கணினி இதைச் சொல்லாது, ஏனென்றால் அதற்கு ஏற்றப்பட்ட எண் 39. இந்த நிலை 90 நாள் தொடர்ந்தால் கணக்கையே வாராக்கடனாக வகைப்படுத்த வேண்டிவரும். கூட்டல் பிழை அல்ல, விட்டுப்போன ஒரு வரி.

அறிக்கையில் உள்ள 36 லட்சம் உண்மையா என்பது அடுத்த கேள்வி. அதற்கு ஜிஎஸ்டி கணக்கில் காட்டிய விற்பனை உதவும். மாதம் 6 லட்சம் விற்கும் கடையில் 36 லட்சத்துக்குச் சரக்கு என்றால், ஏறத்தாழ அரையாண்டு விற்பனைக்கான துணி அலமாரியில் இருக்கிறது என்று பொருள். தீபாவளிக்கு முந்தைய மாதமாக இருந்தால் நம்பலாம். பங்குனியில் அப்படி வந்தால் கடைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். மேலாளர் கடைசியாகக் கடையைப் பார்வையிட்ட அறிக்கையைக் கேட்டால், பல நேரம் அதில் தேதி மட்டும் புதிதாக இருக்கும்; வாசகம் போன முறையுடையதே, எழுத்துப்பிழை உட்பட. தணிக்கையாளர் அந்த இரண்டு தாள்களையும் அருகருகே ஒளிநகல் எடுத்துத் தம் மாத அறிக்கையோடு இணைப்பார். 5.5 லட்ச மிகையை மட்டும் மாத முடிவுக்குக் காத்திருக்க விடாமல், அன்றே வட்டார அலுவலகத்துக்குத் தனிக் குறிப்பாக அனுப்பிவிடுவார்.