'பூஜ்ய பட்ஜெட்': எந்த இடத்துப் பூஜ்யம்?

சம்பளம் வந்த நாளிலேயே கடனுக்கு ஒரு தொகையை எடுத்துவைத்து, எஞ்சியதைக் கடைசி ரூபாய் வரை இன்னின்னதற்கு என்று எழுதிவிடும் முறையைப் 'பூஜ்ய பட்ஜெட்' என்கிறார்கள். இன்னும் மோசமாகச் 'சுழிய அடிப்படை வரவுசெலவுத் திட்டம்' என்றும் எழுதுகிறார்கள். என் உறவினர் ஒருவர் அந்தப் பெயரை நம்பி, மாதக் கடைசியில் கணக்கில் பணமே இருக்கக்கூடாது என்று எண்ணித் துடைத்துவிட்டார். 5ஆம் தேதி எடுக்கவேண்டிய தவணை திரும்பிப்போய் அபராதம் கட்டினார். அதன்பிறகு இந்தச் சொல்லை எங்கு கண்டாலும் எனக்குப் பொறுக்கவில்லை.

பட்ஜெட் என்பது பழைய பிரெஞ்சில் சிறு தோல்பையைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. நம் 'வரவு', 'செலவு' இரண்டும் வா, செல் என்னும் வினைகளில் பிறந்தவை. சங்கப் பாட்டில் செலவு என்றால் பயணம். பெயர் பற்றி இவ்வளவு போதும். சிக்கல் பூஜ்யத்தில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் பீட்டர் பிர் என்பவர் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் 'ஜீரோ பேஸ் பட்ஜெட்டிங்' என்ற முறையை வகுத்து 1970இல் எழுதினார். ஜிம்மி கார்ட்டர் அதை ஜார்ஜியா மாநிலத்திலும், பின்பு அதிபரானதும் நடுவண் அரசிலும் கொண்டுவந்தார். அங்கே பூஜ்யம் தொடக்கத்தில் இருந்தது. போன ஆண்டு கொடுத்தார்களே என்று எந்தத் துறைக்கும் எதுவும் கிடைக்காது. ஒவ்வொரு செலவுக்கும் புதிதாக நியாயம் சொல்லவேண்டும். அதற்குச் 'சுழிய அடிப்படை' என்பது பொருந்தும், மறுக்கவில்லை.

வீட்டுக் கணக்கிலோ பூஜ்யம் முடிவில் இருக்கிறது. வரவிலிருந்து எல்லா ஒதுக்கீட்டையும் கழித்தால் பெயரிடாத பணம் எதுவும் மிஞ்சக்கூடாது, அவ்வளவுதான். வாடகையையும் தவணையையும் எந்தக் குடும்பமும் மாதாமாதம் பூஜ்யத்திலிருந்து நியாயப்படுத்துவதில்லை. இரண்டு பூஜ்யங்களும் வேறு வேறு என்று பாராமல் அந்த ஆங்கிலப் பெயரை அப்படியே சொல்லுக்குச் சொல் மாற்றியதன் விளைவுதான் என் உறவினர் கட்டிய அபராதம்.

இன்னொருவர் 'இருப்பில்லாத் திட்டம்' என்றார். நல்ல தமிழ்தான், ஆனால் பொருள் தலைகீழ். கடைக்கணக்கில் இருப்பு என்றால் கையிலுள்ள பணம். இந்த முறையில் இருப்பு இருக்கும். பள்ளிக் கட்டணத்துக்குச் சேர்வதும் மருத்துவத்துக்கு வைத்ததும் வங்கியில்தான் கிடக்கும். இல்லாமல் போவது ஒதுக்காத பணம் மட்டுமே. ஆகவே 'முழு ஒதுக்கீடு' என்றே சொல்லலாம். பட்ஜெட் என்ற சொல் வேண்டுமானால் கூட இருக்கட்டும், தூய்மைக்காக நான் சண்டையிடவில்லை.

கடன் பகுதிக்குக் 'கடன்முதல் திட்டம்' என்று ஒரு பெயர் உலவுகிறது. நம்மூரில் கடனைப் பற்றிப் பேசும்போது முதல் என்றால் அசல். 'முதலும் வட்டியும்' என்று பேசிப் பழகியவர், அசலை மட்டும் கட்டும் திட்டம் என்றே புரிந்துகொள்வார். நான் 'கடன் முன்னொதுக்கு' என்பேன்.

கைக்கு வரும் சம்பளம் 42,000 என்று வைத்துக்கொள்வோம். கிரெடிட் கார்டில் பாக்கி 60,000, மாத வட்டி 3.5 விழுக்காடு. அதோடு 5,200 ரூபாய்த் தவணை ஒன்று. முன்னொதுக்கு 12,000 என்றால் தவணை போகக் கார்டுக்கு 6,800 கிடைக்கும். வட்டி 2,100, அதன்மேல் ஜிஎஸ்டி 378. பாக்கியில் 4,322 குறையும். குறைந்தபட்சத் தொகை என்று 3,000 மட்டும் கட்டினால் 522தான் குறையும். மாதக் கடைசியில் மிஞ்சுவதைக் கட்டலாம் என்றிருந்தால் அநேகமாக இந்த 522தான் கதி. முன்கூட்டி எடுத்துவைப்பது அதற்காகத்தான்.

மீதி 30,000இல் வாடகை 9,000, மளிகை, பால், எரிவாயு 9,500, பள்ளிக்கு 3,000, பெட்ரோல் 2,500, மின்சாரமும் போனும் 1,500, மருத்துவம் 1,000, பண்டிகைக்கு 1,500, அவசரத்துக்கு 2,000. முன்னொதுக்கைப் பேராசையாக 18,000 என்று வைத்தால் 20ஆம் தேதி வாக்கில் மளிகை கார்டுக்குப் போய்விடும். அடுத்த அறிக்கையில் புதுச் செலவு ஏறியிருக்கிறதா என்று பார்த்தாலே தெரியும். அப்போது தொகையைக் குறைக்கவேண்டும்; ஆனால் கடனை முதலில் எடுத்துவைக்கும் வரிசை மாறக்கூடாது.

மொழிபெயர்ப்பவர்கள் ஒரே ஒரு மாதம் இப்படி நோட்டில் எழுதிப் பார்த்திருந்தால் வேறு சொல் தானே வந்திருக்கும். முதல் வரி 'கடன் முன்னொதுக்கு 12,000'. கடைசி வரி 'ஒதுக்காதது 0'.