மூன்று தன யோகம் என்று அச்சடித்துக் கொடுத்தார்கள்

போன வருடம் பங்குனியில் தண்டையார்பேட்டையில் உள்ள என் அறைக்கு ஒருவர் மனைவியோடு வந்தார். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்குப் பக்கத்துத் தெருவில் பெண்களுக்கான ரெடிமேட் துணிக்கடை வைத்திருப்பவர். கையில் நாற்பது பக்கக் கணினி ஜாதகம். யோகப் பலன் பக்கத்தை மட்டும் மூலையில் மடித்து வைத்திருந்தார். அதில் சிவப்பு மையில் "தன யோகங்கள்: 3" என்று இருந்தது.

"ஆடியில் புதன் திசை ஆரம்பிக்கிறது ஐயா. பதினேழு வருடம் பணமாகக் கொட்டும் என்றார்கள். வீட்டுப் பத்திரத்தை வைத்துப் பதினைந்து லட்சம் வாங்கி இரண்டாவது கடை போடலாம் என்றிருக்கிறேன்" என்றார். மோதிர விரலில் மரகதம் ஏற்கெனவே ஏறியிருந்தது. அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிம்ம லக்னம். ராசி கும்பம், நட்சத்திரம் சதயம். கடகத்தில் சூரியன் 22 பாகை, புதன் 27 பாகை. ஆடி மாதத்தில் காலை ஏழு மணியை ஒட்டிய பிறப்பு. அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய மற்ற விவரங்களை விட்டுவிட்டேன்.

தன யோகம் என்பதற்கு நூல்கள் சொல்லும் இலக்கணம் எளிது. இரண்டாம் இடம் தனம், பதினோராம் இடம் லாபம். இவற்றின் அதிபதிகள் தங்களுக்குள்ளோ, லக்னம், ஐந்து, ஒன்பது ஆகிய இடங்களின் அதிபதிகளோடோ சேர்க்கை, பார்வை, ஒருவர் வீட்டில் மற்றவர் மாறி அமரும் பரிவர்த்தனை என்ற ஏதாவது ஒரு வழியில் தொடர்பு கொண்டால் தன யோகம். சிம்ம லக்னத்துக்கு இரண்டாம் வீடு கன்னி, பதினோராம் வீடு மிதுனம். இரண்டுக்கும் புதனே அதிபதி. அவர் லக்னாதிபதி சூரியனோடு சேர்ந்திருக்கிறார். ஆகவே யோகம் இருக்கிறது. அச்சில் வந்தது பொய்யில்லை.

ஆனால் மூன்று எங்கிருந்து வந்தது? லக்னாதிபதியும் தனாதிபதியும் சேர்ந்தது ஒன்று. லக்னாதிபதியும் லாபாதிபதியும் சேர்ந்தது இரண்டு. தனாதிபதியும் லாபாதிபதியும் ஓரிடத்தில் இருப்பது மூன்று. தனாதிபதியும் அதே புதன், லாபாதிபதியும் அதே புதன். ஒரே சேர்க்கையை மென்பொருள் மூன்று வாசல் வழியாக நுழைந்து மூன்று முறை எண்ணிவிட்டது. ஒருவருக்கு வீட்டில் மகன், கடையில் முதலாளி, சங்கத்தில் செயலாளர் என்று மூன்று பெயர் இருந்தால் பந்தியில் மூன்று இலை போடுவதில்லை. யோகப் பட்டியலைப் பார்த்ததும் நான் முதலில் செய்வது, எண்ணிக்கையை விட்டுவிட்டு அதில் சம்பந்தப்பட்ட கிரகங்களை எண்ணுவதுதான்.

அடுத்தது, இந்தச் சேர்க்கை எத்தனை அபூர்வம் என்பது. புதன் சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல் விலகுவதே இல்லை. எப்போதும் சூரியன் இருக்கும் ராசியில் இருப்பார், இல்லையென்றால் அதற்கு முன்ராசியிலோ பின்ராசியிலோ இருப்பார். ஆகவே சிம்ம லக்னத்தில் பிறந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த யோகம் இருக்கும். அந்த ஆடிக் காலையில் சிம்ம லக்னம் ஓடிய இரண்டு மணி நேரத்துக்குள் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் எத்தனை குழந்தைகள் பிறந்திருந்தாலும் அத்தனை பேருக்கும் இதே யோகம். மறுநாள் காலை அதே வேளையில் பிறந்தவர்களுக்கும் இதேதான். அத்தனை பேரும் கோடீஸ்வரர்களாகியிருந்தால் வடசென்னையில் வட்டிக்கடைக்கே வேலை இருந்திருக்காது. யோகம் என்ற பெயர் வேலையின் தொடக்கம் மட்டும்தான். யோகம் கொடுக்க வேண்டிய கிரகம் எந்த நிலையில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பதில்தான் மீதி எல்லாம் இருக்கிறது.

கடகம் சிம்மத்துக்குப் பன்னிரண்டாம் வீடு, விரய ஸ்தானம். தனத்துக்கும் லாபத்துக்கும் உரியவர் செலவு வீட்டில் இருக்கிறார். அது புதனுக்குப் பகையான சந்திரனின் வீடும்கூட. சூரியனுக்கும் அவருக்கும் ஐந்தே பாகை இடைவெளி. பதினான்கு பாகைக்குள் வந்தாலே புதன் சூரிய ஒளியில் மங்கி வலுவிழந்துவிட்டார், அதாவது அஸ்தங்கம் என்று கொள்வார்கள். ராசியை ஒன்பதாகப் பிரித்துப் போடும் நவாம்சக் கட்டத்தில் அவர் மீனத்துக்குப் போய் வலுக் குன்றி நீசமாகிறார். ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். கடகத்தில் 27 பாகை என்பது ஆயில்யம் நான்காம் பாதம். ஆயில்யம் புதனுடைய நட்சத்திரமே. ஆகவே இவர் செயலற்றுப் போனவர் இல்லை. தன் வேலையைச் செய்வார். ஆனால் உட்கார்ந்த இடத்தின் வேலையைச் செய்வார். என் அனுபவத்தில் இப்படிப்பட்ட புதனின் காலத்தில் பணம் வராமல் இருப்பதில்லை. கைக்கு வருவதற்கு முன்பே முதலாக, அட்வான்ஸாக, கடன் சரக்காக எங்கேயாவது முடங்கிவிடுகிறது.

ஒவ்வொரு வீட்டின் வலுவையும் பரல் என்ற புள்ளிகளால் அளக்கும் அஷ்டவர்க்கத்தையும் போட்டுப் பார்த்தேன். மொத்தம் 337 பரல், வீட்டுக்குச் சராசரி 28. இவருக்குப் பதினொன்றில் 24, பன்னிரண்டில் 33. லாபத்தில் கூடுதலும் விரயத்தில் குறைவும் இருந்தால் மிச்சம் பிடிக்கலாம் என்பது கணக்கு. இங்கே தலைகீழ்.

இதுவரை சொன்னதெல்லாம் காகிதக் கணக்குதான். இன்னொரு ஜோதிடர் வந்து ஆயில்யத்தையே பிடித்துக்கொண்டு எனக்கு மறுப்புச் சொல்லலாம். அதனால் நான் பெரிதும் நம்பும் சோதனை வேறு. ஒவ்வொரு திசைக்குள்ளும் ஒன்பது கிரகங்களுக்கும் புக்தி என்ற உட்பிரிவு உண்டு. அந்தக் கிரகம் ஏற்கெனவே வேறு திசையில் புக்திநாதனாக வந்துபோன காலத்தில் என்ன நடந்தது என்று ஜாதகரையே கேட்பது. சதயத்தில் பிறந்தவருக்கு முதல் திசை ராகு. இவருக்கு அதில் இருப்பு ஒன்பது வருடம். பிறகு குரு 16, சனி 19. ஆக 44 வயதில் புதன் திசை. குரு திசையில் வந்த புதன் புக்தி பள்ளிக்கூட வயது, அதில் பணம் பற்றிக் கேட்க ஒன்றுமில்லை. சனி திசை தொடங்கியது 25 வயதில். அதில் சனியின் சொந்தப் புக்தியான சுயபுக்தி மூன்று வருடம் போனதும் 28 வயதிலிருந்து இரண்டு வருடம் எட்டு மாதம் புதன் புக்தி.

கேட்கும் முறையில் ஒரு கவனம் வேண்டும். "அப்போது நஷ்டம் வந்ததா?" என்று கேட்டால் எல்லோருக்கும் ஏதோ ஒரு நஷ்டம் நினைவுக்கு வந்துவிடும். நான் கிரகத்தின் பெயரையே சொல்லாமல், "இருபத்தெட்டிலிருந்து முப்பதரை வரை என்ன தொழில் செய்தீர்கள்?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் யோசிப்பதற்குள் அந்த அம்மா முந்திக்கொண்டார். "பெரம்பூரில் கடை எடுத்தது அப்போதுதான். பெரியவளுக்கு ஒரு வயது. என் வளையல் போனதும் அந்தக் கடையில்தான்."

கூட்டாளியோடு சேர்ந்து எடுத்த கடை. வியாபாரம் நன்றாகவே நடந்ததாம். சரக்கெல்லாம் கடனுக்குப் போய், வசூல் வராமல், கொடுத்த அட்வான்ஸையும் வாடகை பாக்கியில் கழித்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறார். விற்பனை இருந்தது, கையில் காசு தங்கவில்லை.

"தம்பி, அப்போது வந்தது இரண்டே முக்கால் வருடப் புதன். இப்போது வருவது பதினேழு வருடப் புதன். கிரகம் அதேதான், இடமும் அதேதான்" என்றேன். பத்திரத்தை அடமானம் வைக்க வேண்டாம், முதல் இரண்டரை வருடச் சுயபுக்தி முடியும்வரை இருக்கிற கடையில் கடன் விற்பனையைக் குறைத்துப் பாருங்கள் என்று சொன்னேன். மரகதம் புதனுக்கு வலு சேர்க்கும் என்றுதான் நூல்கள் சொல்கின்றன. விரய வீட்டில் இருப்பவருக்கு எதற்காக வலு சேர்க்கிறோம் என்று விற்றவர் யோசிக்கவில்லை போலும். கல்லை விற்பவரே பலனும் சொன்னால் யோசிக்க நேரமிருக்காது.

என் முறைக்கும் எல்லை உண்டு. பிறந்த நேரம் பத்துப் பதினைந்து நிமிடம் தவறியிருந்து லக்னம் இரண்டு ராசிகளின் எல்லையான சந்தியில் நின்றால் அதிபதிகளே மாறிப்போவார்கள். அப்போது இந்தக் கணக்கு முழுவதும் விழுந்துவிடும். இவருடைய லக்னம் ராசியின் நடுவில் இருந்ததால் துணிந்து சொன்னேன். ஒரே ஒரு புக்தியை வைத்து ஒரு திசையை எடைபோடுவதும் முழு நிரூபணம் ஆகாது.

ஆடி தாண்டி மாதங்கள் பல ஆகிவிட்டன. அவர் அடமானம் வைக்கவில்லை. தீபாவளிக்கு மட்டும் கடை வாசலில் ஒரு மேஜையைக் கூடுதலாகப் போட்டு ரொக்கத்துக்கு விற்றாராம். நாலு காசு மிஞ்சியது என்று மிக்சர் பொட்டலத்தோடு வந்து சொன்னார். விரலில் மரகதம் இல்லை. பெரிய நஷ்டம் எதுவும் வராததற்குக் காரணம் நான் படித்த ஜாதகமா, பத்திரம் பீரோவிலேயே இருந்ததா என்று கேட்டால், என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.