‘ஸன்’ எப்போது போனது, எப்போது திரும்பி வந்தது?

ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுப்பது என் தொழில். ஜப்பானியரைத் துணையாகக் கொண்ட நம்மவர்கள் குடும்ப ஆலோசனைக்குப் போகும்போது மொழிபெயர்ப்பாளராகக் கூட உட்காருவதும் உண்டு. அங்கே ஆலோசகர் கேட்கும் ஒரு கேள்வி நம்மவர்களைத் திகைக்க வைக்கும்: “வீட்டில் ஒருவரையொருவர் எப்படிக் கூப்பிடுகிறீர்கள்? எப்போதிலிருந்து அப்படி?” சண்டை பணத்தைப் பற்றியோ மாமியாரைப் பற்றியோ இருக்க, இது எதற்கு என்று பார்ப்பார்கள். அந்த இரண்டாவது பாதிதான், அதாவது ‘எப்போதிலிருந்து’ என்பதுதான், ஆலோசகருக்கு வேண்டியது.

ஜப்பானிய மொழியில் ‘நீ’, ‘நீங்கள்’ என்று எதிரில் இருப்பவரைச் சுட்டுவதைக் கூடியவரை தவிர்ப்பார்கள். ‘அனதா’ என்று பாடப்புத்தகத்தில் வரும் சொல்லை நேரில் ஒருவரைப் பார்த்துச் சொன்னால் விறைப்பாக ஒலிக்கும். பழைய தலைமுறை மனைவி கணவனைக் கூப்பிட அதையே பயன்படுத்துவார் என்பது தனிக்கதை. ‘நீ சாப்பிட்டாயா’ என்பதற்குப் பதிலாக ஆளைச் சுட்டாமலே ‘சாப்பிட்டாச்சா’ என்பார்கள், சுட்ட வேண்டியிருந்தால் ‘மிசாகி சாப்பிட்டாச்சா’ என்று பெயரையே வைத்துப் பேசுவதுதான் வழக்கம். அதனால் துணையின் பெயரைப் பல தடவை சொல்ல வேண்டிவரும். பெயரோடு ஒட்டும் பின்னொட்டும் அத்தனை தடவை காதில் விழும். அது மாறினால் கவனிக்காமல் இருக்க முடியாது.

பின்னொட்டுகள் பல இருந்தாலும் துணைவர்களுக்குள் புழங்குவது மூன்றுதான். ‘ஸன்’ யாருக்கும் பொருந்தும், மரியாதையானது, கொஞ்சம் இடைவெளி உள்ளது. ‘குன்’ ஆண்களுக்கு, பெரும்பாலும் சமவயதினருக்கோ இளையவருக்கோ. ‘ச்சன்’ செல்லம்; குழந்தைகளுக்கும் நெருங்கியவர்களுக்கும். நான்காவதாக எதையும் ஒட்டாமல் வெறும் பெயரைச் சொல்வது. இதற்கு ‘யோபிசுதே’ என்று பெயர். ‘குன்’ எல்லா இடத்திலும் சின்னப் பையனைக் கூப்பிடுவது என்று நினைக்க வேண்டாம். ஜப்பான் நாடாளுமன்றத்தில் அவைத்தலைவர் உறுப்பினர்களை ‘குன்’ போட்டு அழைப்பதுதான் மரபு. 1993இல் கீழவையின் முதல் பெண் தலைவரான தோய் தகாகோ அதை ‘ஸன்’ ஆக்கினார். அவருக்குப் பின் மறுபடியும் ‘குன்’ வந்துவிட்டது.

வழக்கமான போக்கு இப்படி இருக்கும்: அலுவலகத்தில் குடும்பப்பெயரோடு ‘ஸன்’, பழகிய பிறகு சொந்தப் பெயரோடு ‘ஸன்’, அப்புறம் ‘ச்சன்’ அல்லது ‘குன்’, அல்லது நேரே வெறும் பெயர். எல்லாரும் எல்லாப் படியும் ஏறுவதில்லை. கல்யாணமாகி முப்பது வருடம் ஆகியும் ‘ஸன்’ போட்டே கூப்பிட்டுக்கொண்டு அன்பாக இருக்கும் தம்பதிகளும் உண்டு. ஆகவே, எந்தப் பின்னொட்டு என்பதை மட்டும் வைத்து நெருக்கத்தை அளக்க முடியாது. எதிலிருந்து எதற்கு, யார் முன்னால், வினைமுற்று எப்படி இருக்கும்போது மாறியது என்பதைப் பார்க்க வேண்டும்.

ஒரு குடும்பத்தை வைத்துச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி பெயரையும் விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். அவர் செந்தில், அப்பா பெயர் ராமசாமி. அவள் மிசாகி. ஒரே அலுவலகம்.

பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டதால், செந்தில் ஜப்பானில் இறங்கிய நாளிலிருந்து எல்லாருக்கும் ‘ராமசாமி-ஸன்’. மிசாகிக்கும் அப்படித்தான். காதல் தொடங்கிய காலத்தில் அவள் அவரை அவருடைய அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். அவருக்குச் சிரிப்பாகவும் கூச்சமாகவும் இருந்ததாம். “செந்தில் என்று கூப்பிடேன்” என்று ஒருநாள் சொன்னார். நமக்கு இது பெயர் திருத்தம். மிசாகிக்கோ குடும்பப்பெயரை விட்டுச் சொந்தப் பெயருக்கு வரச்சொல்லும் அழைப்பு. பதில் சொல்ல வேண்டிய ஒன்று. அவள் ‘செந்தில்-ஸன்’ என்று தொடங்கி, கொஞ்ச நாளில் ‘ஸென்-ச்சன்’ ஆக்கினாள். பெயரின் முதல் ஓரிரு அசையை வெட்டி ‘ச்சன்’ சேர்ப்பது ஜப்பானியர்கள் செல்லப்பெயர் வைக்கும் முறை.

செந்தில் மட்டும் ‘மிசாகி-ஸன்’ என்பதிலேயே நின்றார். மொழி வகுப்பில் ‘ஸன்’ இல்லாமல் கூப்பிடுவது மரியாதைக் குறைவு என்று அழுத்தமாகச் சொல்லித்தருகிறோம், அது அவர் மனதில் பதிந்திருந்தது. மிசாகிக்கு இது எப்படித் தெரிந்தது என்றால், தான் இரண்டு படி ஏறி வந்தும் எதிரில் இருப்பவர் கீழேயே நிற்கிறார் என்று. கடைசியில் அவளே “மிசாகி என்றே கூப்பிடலாமே” என்றாள். அவரும் ‘ஸன்’னை விட்டார்.

விட்ட வேகத்தில் எல்லா இடத்திலும் விட்டுவிட்டார். பெண்ணைக் கேட்டு அவள் பெற்றோர் வீட்டுக்குப் போனபோது, முழங்கால் மடக்கி உட்கார்ந்து, ஒத்திகை பார்த்த வாக்கியத்தை ‘மிசாகியைத் திருமணம் செய்ய விரும்புகிறேன்’ என்று வெறும் பெயரோடு சொன்னார். அப்பா தேநீர்க் கோப்பையைப் பார்த்தபடி சற்று நேரம் பேசவில்லை. மறுப்பு ஒன்றும் இல்லை, கல்யாணமும் நடந்தது. ஆனால் அந்த இடத்தில் எந்த ஜப்பானிய மாப்பிள்ளையும் ‘மிசாகி-ஸன்’ என்றுதான் சொல்வான், தனியே இருக்கும்போது என்ன செல்லப்பெயர் சொன்னாலும். பெற்றோர் முன் அவர்கள் மகளை வெறும் பெயரால் சொல்வது, இன்னும் கொடுக்காத பொருளை எடுத்து வைத்துக்கொண்டது போலப் படும். அதே நாளில் மிசாகியும் பெற்றோர் முன் அவரை ‘செந்தில்-ஸன்’ என்றாள். வீட்டில் ‘ஸென்-ச்சன்’ என்றவள் இங்கே விலகுகிறாளோ என்று இவருக்கு மனம் சுருங்கியது. அவள் விலகவில்லை, தன் பெற்றோரிடம் அவருக்கு மதிப்பு வாங்கிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

இதிலேயே இன்னொரு நுட்பம் உண்டு. வெளியிலிருந்து யாராவது கேட்டால், அவரைப் பற்றிச் சொல்லும்போது ‘ஸன்’ வராது. ‘ஒத்தோ’ என்றோ ‘ஷுஜின்’ என்றோ சொல்வாள், இரண்டுக்கும் கணவர் என்று பொருள். வெளியாரிடம் தன் வீட்டு ஆளை உயர்த்திச் சொல்வது அழகல்ல என்பது அங்கே வழக்கம். பக்கத்தில் நின்று கேட்கும் நம்மவர் இதையும் மரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து கேள்வி கேட்கிறார்.

இவர்களை ஆலோசனைக்குக் கொண்டுவந்தது கல்யாணத்துக்குப் பின் நடந்தது. ஊரில் ஒரு விசேஷத்துக்குப் போக செந்தில் இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்துவிட்டு அப்புறம்தான் சொன்னார். மிசாகி கத்தவில்லை. அமர்வில் லைன் செயலியை எங்களிடம் காட்டினார்கள். முந்தின நாள் வரை அவள் அனுப்பியது: “ஸென்-ச்சன், கயேரி நான்ஜி?” வீட்டுக்கு எப்போ வர்றே என்பது போல. மறுநாள்: “செந்தில்-ஸன் வா நான்ஜி நி கயேரிமாஸ் கா?” கேள்வி அதேதான். பெயரில் ‘ஸன்’ திரும்பிவிட்டது, வினைமுற்று, வகுப்பறையில் சொல்லித்தரும் மரியாதை வடிவமான ‘மாஸ்’ ஆகிவிட்டது.

செந்தில் இதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு மனைவி ‘வா, போ’வை விட்டு ‘வாங்க, போங்க’வுக்கு வருவதைப் பார்த்து வளர்ந்தவர். மிசாகியும் மரியாதையாகப் பேசத் தொடங்கிவிட்டாள் என்று உள்ளூர மகிழ்ந்தார். தானும் பதிலுக்கு ‘மிசாகி-ஸன்’, ‘மாஸ்’ என்று எழுதினார். அவள் பார்வையில் அது, ‘நீ கதவைச் சாத்தினால் நானும் சாத்துவேன்’ என்பதாகிவிட்டது. சில வாரங்கள் இரண்டு பேரும் அலுவலகத் தபால் போலப் பேசிக்கொண்டார்கள். கத்தல் இல்லாததால் பிரச்சினை இல்லை என்று அவர் நம்பியதுதான் இதில் வேதனை.

விளையாட்டுக்கு வரும் ‘ஸன்’னும் உண்டு. பாத்திரம் கழுவாத கணவனிடம் “செந்தில்-ஸன்?” என்று இழுத்துச் சொல்வாள், ஆனால் அடுத்த வாக்கியமே சாதாரணப் பேச்சில் வரும். பெயரும் வினைமுற்றும் சேர்ந்து மாறி, இரவு தூங்கி எழுந்த பிறகும் அப்படியே நீடித்தால் அது விளையாட்டில்லை. அப்போது ‘ஏன் ஸன் போடுகிறாய்’ என்று கேட்டுப் பயனில்லை. ‘ஒன்றுமில்லை’ என்றுதான் பதில் வரும். எது நடந்த நாளில் மாறியது என்று பின்னோக்கிப் பார்த்து, அந்த விஷயத்தைப் பேச வேண்டும். இவர்களுக்கு அது டிக்கெட்.

எதிர்த்திசையிலும் கவனம் வேண்டும். கார்ட்டூன் தொடர்களில் ஆண்கள் ‘நீ’ என்பதற்கு ‘ஒமாயே’ என்ற முரட்டுச் சொல்லைப் பேசுவதைக் கேட்டு, அது நெருக்கம் என்று மனைவியிடம் சொல்லிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். சில ஜப்பானியத் தம்பதிகளுக்குள் அது இயல்பாகப் புழங்குவது உண்மை. பல பெண்களுக்கு அதைக் கேட்டாலே ஆகாது. அதைவிட நான் கவனிப்பது ஒருபக்கச் சரிவை: அவன் வெறும் பெயர், அவள் மட்டும் ‘ஸன்’னும் ‘மாஸ்’ஸும். இரண்டு பேரும் கேட்டுப் பேசி அமைந்ததென்றால் சரி, பழைய தலைமுறையில் அது சாதாரணம். அவள் ‘ஸன்’னை விட முயன்றபோது அவன் முகம் சுளித்தான் என்று தெரிந்தால், அவன் அவளைக் கட்டுப்படுத்துகிறானா என்று அறிய, பணம், தோழிகள், செல்போன் பற்றியும் ஆலோசகர் அவளிடம் தனியாகக் கேட்பார்.

கேட்பதற்கு எளிய வாக்கியம் ஒன்று இருக்கிறது: “நான்தே யோபெபா ஈ?” எப்படிக் கூப்பிடட்டும் என்று பொருள். காதல் தொடக்கத்தில் ஜப்பானியர்களே தங்களுக்குள் கேட்டுக்கொள்வதுதான் இது. “நான்தெமோ ஈ யோ”, எப்படி வேண்டுமானாலும், என்று பதில் வந்தால் ஒரு படி மட்டும் மாற்றிப் பார்த்துவிட்டு, அவர் உங்களைக் கூப்பிடுவதும் மாறுகிறதா என்று பாருங்கள். மாறவில்லையென்றால் அங்கேயே நில்லுங்கள்.

குழந்தை பிறந்ததும் இதெல்லாம் இன்னொரு தடவை கலைகிறது. ஜப்பானியக் குடும்பத்தில் கடைசிக் குழந்தையின் கண் வழியாகவே எல்லாருக்கும் அழைப்புச்சொல் அமையும் என்று மொழியியலாளர் சுசுகி தகாவோ 1970களிலேயே விரிவாக எழுதினார். கணவன் மனைவியை ‘மமா’ என்பான், மனைவி கணவனை ‘பபா’ என்பாள், குழந்தை தூங்கிய பிறகும் அதேதான். சில பெண்களுக்கு இது பிடிக்கிறது. சிலர் “என் பெயரை இந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை” என்று அமர்வில் வந்து சொல்கிறார்கள். செந்தில் வீட்டில் இப்போது ஒரு மகன். மகன் விழித்திருக்கும்வரை ‘பபா’, தூங்கிய பிறகு ‘ஸென்-ச்சன்’ என்று பேசி வைத்திருக்கிறார்கள். செந்தில் மிசாகியை ‘மீ-ச்சன்’ என்கிறார். அவள் பெற்றோர் வீட்டில் மட்டும் இன்றைக்கும் ‘மிசாகி-ஸன்’.