பில் தொலைந்தால் பயணப்படி போய்விடுமா?

நாகர்கோவிலில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் சம்பள லெவல் 6-ல் வேலை பார்க்கும் ஒருவர், அலுவல் விஷயமாக மதுரை போய் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வருகிறார். திரும்பி வரும்போது மழை. சட்டைப்பையில் இருந்த லாட்ஜ் பில் நனைந்து கூழாகிவிட்டது. ஆட்டோவுக்கு எப்போதுமே பில் கிடையாது. பலரும் இந்த இடத்தில் "போனது போகட்டும்" என்று விட்டுவிடுவார்கள், அல்லது தெரிந்த லாட்ஜில் வெற்றுப் பில் வாங்கி நிரப்புவார்கள். முதலாவது நஷ்டம். இரண்டாவது, பிடிபட்டால் ஒழுங்கு நடவடிக்கை. இரண்டுமே தேவையில்லை, ஏனென்றால் விதியே இவருக்குச் சாதகமாக இருக்கிறது.

மத்திய நிதி அமைச்சகம் 2017 ஜூலையில் வெளியிட்ட பயணப்படி ஆணைப்படி, லெவல் 8 வரை உள்ளவர்கள் தங்கும் செலவையும் ஊருக்குள் போய்வரும் செலவையும் வவுச்சர் இல்லாமலே, சுயசான்று கொடுத்து உச்சவரம்பு வரை வாங்கலாம். லெவல் 6 முதல் 8 வரைக்கு வரம்பு, தங்க ஒரு நாளுக்கு 750 ரூபாய், உள்ளூர்ப் பயணத்துக்கு 225 ரூபாய். அகவிலைப்படி 50 சதவீதம் உயரும்போது இவை 25 சதவீதம் கூட வேண்டும் என்றும் ஆணையில் உண்டு. 2024 ஜனவரியில் அகவிலைப்படி 50-ஐத் தொட்டுவிட்டது, ஆகவே அந்தக் கூடுதலும் உண்டு. லெவல் 9-ம் அதற்கு மேலும் என்றால் இந்தச் சலுகை இல்லை, பில் வேண்டும். மாநில அரசு ஊழியர்களுக்கு விதிகளே வேறு.

சாப்பாட்டுக்கு யாருமே பில் கொடுக்க வேண்டாம். அது மொத்தத் தொகை. லெவல் 6-க்கு நாளுக்கு 800, கூடுதலோடு 1,000 ரூபாய். நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை ஒரு நாள் என்று கணக்கு. 12 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தால் முழுத் தொகை, 6 முதல் 12 மணி என்றால் 70 சதவீதம், அதற்கும் கீழே 30 சதவீதம். நம்மவர் முதல் நாள் காலை 6 மணிக்குக் கிளம்பி, மறுநாள் காலை 11 மணிக்கு நாகர்கோவில் வடசேரியில் வந்து இறங்கினார். முதல் நாளுக்கு 1,000, இரண்டாம் நாளுக்கு 700. ஆகவே சாப்பாட்டு பில் இல்லாததற்கு விளக்கம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்.

லாட்ஜுக்கு அவர் கொடுத்தது 700. ஆட்டோவுக்கு முதல் நாள் 180, மறுநாள் 90. எல்லாமே வரம்புக்குள். வரம்பு கூடுதலாக இருக்கிறதே என்று 700-ஐ 900 ஆக்கக் கூடாது, கொடுத்ததை மட்டும்தான் கேட்கலாம். போகும்போது எடுத்த ரயில் இ-டிக்கெட்டை ஐஆர்சிடிசி கணக்கிலிருந்து மறுபடி அச்செடுத்துக்கொள்ளலாம்.

சுயசான்றில் எங்கே, எந்த நாள், எவ்வளவு நேரம், எந்த வண்டி என்பதெல்லாம் இருக்க வேண்டும். தங்கிய இடத்தின் பெயர், வண்டி எண் இவற்றை ஆணையே கேட்கிறது. கணக்குப் பிரிவு திருப்பி அனுப்பும் பயணப்படிப் பில்கள் பெரும்பாலும் இங்கேதான் இடறுகின்றன. "உள்ளூர்ப் பயணம் 270" என்று ஒரே வரியில் எழுதினால் கேள்வி வரத்தான் செய்யும். கடிதம் இப்படி இருக்கலாம்:

"மதிப்பிற்குரிய ஐயா, மதுரை அலுவல் பயணத்துக்கான பயணப்படிப் பில்லை இத்துடன் சமர்ப்பிக்கிறேன். 12-ஆம் தேதி இரவு டவுன்ஹால் ரோடு அருகே ஒரு லாட்ஜில் தங்கி (பெயரும் அறை எண்ணும் படிவத்தில் உள்ளன) ரூ.700 செலுத்தினேன். ரசீது மழையில் நனைந்து சேதமாகிவிட்டது. யுபிஐ-யில் பணம் செலுத்திய விவரத்தின் நகலை இணைத்துள்ளேன். ஆட்டோ பயணங்களுக்கு ரசீது பெற இயலவில்லை. நாள், புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், தொகை ஆகியவற்றைத் தனித்தனியே குறிப்பிட்டுள்ளேன். முதல் நாள் வண்டி எண்ணும் உள்ளது, இரண்டாம் நாள் எண்ணைக் குறித்துக்கொள்ளவில்லை. இத்தொகைகளை நான் உண்மையாகவே செலவிட்டேன் என்றும், வேறு எங்கும் கோரவில்லை என்றும் சான்றளிக்கிறேன். சுயசான்றின் பேரில் அனுமதிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

இதில் மன்னிப்பும் புலம்பலும் இல்லை என்பதைக் கவனியுங்கள். பில் ஏன் இல்லை என்பதற்கு ஒரு வரி போதும். வண்டி எண் தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதுவதுதான் நல்லது. கற்பனையாக ஒரு எண்ணை எழுதி, அது யாருடைய ஸ்கூட்டராகவோ இருந்துவிட்டால் மொத்தப் பில்லும் சந்தேகத்துக்குள்ளாகும்.

சென்னை மட்டும் கொஞ்சம் வேறு. அது எக்ஸ் வகை நகரம் என்பதால் லெவல் 8 வரை ஆணையில் உள்ள தங்கும் வரம்பு, கூடுதல் சேர்க்காமல், 1,000 ரூபாய், ஆனால் பில் காட்டினால்தான். நம்மூர்க்காரர்கள் அடிக்கடி போய்வரும் திருவனந்தபுரமும் மதுரையும் அந்த வகையில் வரவில்லை. சென்னை லாட்ஜ் பில் தொலைந்தால், தங்கிய தேதியையும் அறை எண்ணையும் சொல்லி நகல் கேளுங்கள். ஜிஎஸ்டி பில் போடும் இடமாக இருந்தால் கம்ப்யூட்டரில் இருக்கும். நகல் கிடைக்கவே இல்லையென்றால், சாதாரண வரம்புக்குள்ளாவது அனுமதிக்கும்படி கடிதத்தில் கேளுங்கள். முடிவு கணக்குப் பிரிவின் கையில்.

நகல் வரட்டும் என்று பயணப்படிப் பில்லை வைத்துக்கொண்டிருக்க வேண்டாம். பயணம் முடிந்து 60 நாளுக்குள் கோரிக்கை போய்ச் சேர வேண்டும். 2018 மார்ச்சுக்கு முன்பு இதற்கு ஒரு வருடம் இருந்தது. முன்பணம் வாங்கியிருந்தால் திரும்பி வந்த 15 நாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும். "நகல் வந்ததும் சமர்ப்பிக்கிறேன்" என்று ஒரு வரி சேர்த்து, இருப்பதைக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் கொடுத்த தேதியோடு முத்திரை வைத்த நகல் ஒன்றைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.