டிராபேக் வந்துவிட்டது, சரி. பில்லுக்குப் பணம் வந்ததா?

இந்த மாதம் மட்டும் மூன்றாவது ஆள். கையில், ஏற்றுமதியாளருக்குத் திருப்பித் தந்த வரியான டிராபேக்கை மீண்டும் கட்டச் சொல்லும் சுங்கத்துறை உத்தரவு, முகத்தில் அதே கேள்வி: "அண்ணா, டிராபேக் அக்கவுண்ட்ல ஏறி மூணு வருஷம் ஆச்சுங்க. அவங்களே குடுத்த பணம். இப்ப எப்படிங்க திரும்பக் கேப்பாங்க?"

கேட்பார்கள். அப்படிக் கேட்கலாம் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. இருபது வருஷமாக ஏற்றுமதிச் சரக்குக்குச் சுங்கத்துறையிடம் ஷிப்பிங் பில் போடுகிறவன் நான். இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

டிராபேக் வெகுமதி இல்லை. நீங்கள் அனுப்பும் சரக்குக்குள் நூலாகவும் ஜிப்பாகவும் சாயமாகவும் அடங்கியிருக்கும் சுங்க வரியை அரசு உத்தேசமாகக் கணக்கிட்டுத் திருப்பித் தருகிறது. ஒவ்வொருவரும் எவ்வளவு வரி கட்டினார்கள் என்று தோண்டிப் பார்க்க முடியாது என்பதால் சரக்கு வாரியாக ஒரு சதவீதம் வைத்திருக்கிறார்கள். கப்பலில் ஏற்றும் வரையிலான விலையான எஃப்ஓபி மதிப்பில் அந்தச் சதவீதம், பல சரக்குகளுக்கு ஒரு பீஸுக்கு இவ்வளவு என்று உச்சவரம்பு. கப்பல் கிளம்பி, ஷிப்பிங் லைன் ஏற்றிய சரக்குப் பட்டியலான ஈஜிஎம்மைத் தாக்கல் செய்ததும் உங்கள் ஷிப்பிங் பில்லே கோரிக்கையாக மாறிவிடும். தனியாக விண்ணப்பம் கிடையாது.

இந்த வசதிதான் எல்லாரையும் ஏமாற்றுகிறது. பையர் பணம் அனுப்பும் முன்பே டிராபேக் வந்துவிடுகிறது. அதனால் இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மை நேர் எதிர். சுங்கச் சட்டத்தின் 75ஆம் பிரிவு சொல்வது இது: அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமா விதித்த காலத்துக்குள் ஏற்றுமதிப் பணம் வந்து சேரவில்லை என்றால், அந்த டிராபேக் ஒருபோதும் அனுமதிக்கப்படாததாகவே கருதப்படும். "இனிமேல் கிடையாது" என்றுகூட இல்லை, "எப்போதுமே கொடுக்கவில்லை" என்று. அப்படியானால் உங்கள் கணக்கில் கிடப்பது என்ன? அரசு நம்பிக் கொடுத்துவைத்த தொகை. பையர் பணம் வந்த பிறகுதான் அது உங்களுடையது. சுங்கத்துறையின் பட்டுவாடாப் பட்டியலான ஸ்க்ரோல் வந்துவிட்டது, பாஸ்புக்கில் பதிவாகிவிட்டது, ஆடிட்டர் வருமானத்தில் காட்டிவிட்டார் என்பதெல்லாம் இதை மாற்றாது. இன்னொரு முறையும் சொல்கிறேன்: டிராபேக் கணக்கில் ஏறிய நாளில் ஃபைலை மூடாதீர்கள்.

போன வருஷம் வந்த ஒருவர் கதையைச் சொன்னால் விளங்கும். திருப்பூர், காட்டன் டீ-ஷர்ட், தூத்துக்குடி வழியாக மூன்று ஷிப்மென்ட், 2022 மார்ச்சில். கணக்கு எளிதாக இருக்க ஒவ்வொன்றும் எஃப்ஓபி 40 லட்சம் என்றும், விகிதம் 2 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். பில்லுக்கு 80,000 ரூபாய், மூன்றுக்கும் 2,40,000. ஏப்ரலில் கணக்கில் ஏறிவிட்டது. 2025இல் வந்த உத்தரவு முழு 2,40,000-ஐயும் கட்டச் சொன்னது. தவறாகப் பெற்ற டிராபேக்குக்கு ஆண்டுக்கு 15 சதவீத வட்டி, அதுவும் பணம் உங்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து. மூன்று வருஷத்துக்கு 1,08,000.

சரி, பையர் பணமே அனுப்பவில்லையா? அனுப்பியிருக்கிறார். அதுதான் வயிற்றெரிச்சல். முதல் இரண்டு பில்லுக்கும் சேர்த்து ஒரே தொகையாக அனுப்பியவர், குறிப்பில் பழைய இன்வாய்ஸ் எண்ணைப் போட்டுவிட்டார். வங்கிக்கு அது எந்த ஷிப்பிங் பில்லுக்கான பணம் என்று தெரியவில்லை, முன்பணமாக வைத்துக்கொண்டது. இவர் ஆபீசில் அக்கவுண்ட்ஸ் பார்த்த பெண் கல்யாணமாகிப் போய்விட்டார். வங்கியிலிருந்து வந்த மெயிலுக்கு யாரும் பதில் போடவில்லை. ஆக, பணம் இந்தியா வந்து சேர்ந்திருந்தும் ஏற்றுமதிப் பணவரவைக் கண்காணிக்கும் ரிசர்வ் வங்கியின் இடிபிஎம்எஸ்ஸில் இரண்டு பில்லும் திறந்தே கிடந்தன. பணம் வந்ததற்கான மின் சான்றான ஈ-பிஆர்சி கிடையாது. சுங்கத்துறையின் பார்வையில் பணம் வரவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது பில்லில் மட்டும்தான் உண்மையான குறை. தையல் சரியில்லை என்று சொல்லி பையர் 8 லட்சத்தைப் பிடித்துக்கொண்டு 32 லட்சம் அனுப்பினார். அப்படிப் பாதி வந்தால் முழு டிராபேக்கும் போகாது. வராத பங்குக்கு மட்டும்தான் திருப்பிக் கட்ட வேண்டும் என்பது 2017 டிராபேக் விதிகளின் 18ஆம் விதி. ஐந்தில் ஒரு பங்கு வரவில்லை, ஆக 16,000. மூன்று வருஷ வட்டி 7,200. மொத்தம் 23,200 ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய விஷயம். அதையும் தள்ளுபடி கொடுத்த அன்றே தானாகக் கட்டியிருந்தால் வட்டி பெரும்பாலும் மிச்சம்.

ஏன் முடியவில்லை? உத்தரவுக்கு முன்னால் ஒரு நோட்டீஸ் வரும், ஆதாரம் காட்ட 30 நாள் கொடுப்பார்கள். இவர் கம்பெனியை வேறு தெருவுக்கு மாற்றியிருந்தார், ஏற்றுமதியாளர் பதிவு எண்ணான ஐஇசியில் பழைய முகவரி. நோட்டீஸ் பழைய வாட்ச்மேனோடு நின்றுவிட்டது. பதில் இல்லாததால் ஒருதலைப்பட்சமாக உத்தரவு. என்னிடம் வந்தபோது ஆணையர் மேல்முறையீட்டுக்கான 60 நாளில் 11 நாள்தான் பாக்கி. அந்தப் பதினோரு நாளில் வங்கிப் படிகளில் ஏறி இறங்கி, முன்பணத்தை இரண்டு பில்லுக்கும் பிரித்துப் பொருத்தி, ஈ-பிஆர்சி எடுத்து, கடைசி நாளுக்கு முந்தின நாள் தாக்கல் செய்தோம். (என் கட்டணத்தைக் கேட்டு அவர் முகம் சுளித்தது தனிக் கதை.)

தயவுசெய்து இதைச் செய்யுங்கள். மாதம் ஒரு நாள், ஈஜிஎம் ஆன ஷிப்பிங் பில் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஈ-பிஆர்சி எண்ணை எழுதுங்கள். இப்போது வெளிநாட்டு வர்த்தக இயக்ககமான டிஜிஎஃப்டியின் தளத்தில் நீங்களே உருவாக்கலாம். வங்கி அனுப்பும் பணவரவுச் செய்தி அங்கே தெரியும், அதைச் சரியான பில்லோடு சேர்க்க வேண்டியது உங்கள் வேலை. பணம் வந்த அன்றே எந்த பில்லுக்கு எவ்வளவு என்று வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள். போனில் சொன்னேன் என்பது எந்த விசாரணையிலும் நிற்காது.

பணம் வர கால அவகாசம் முன்பு ஒன்பது மாதம், 2025 நவம்பரில் ரிசர்வ் வங்கி அதைப் பதினைந்து ஆக்கியது. அதைக் கேட்டதும் சிலர் நிம்மதியாகத் தூங்கப் போய்விட்டார்கள். அதற்குள்ளும் வராது என்று தெரிந்தால், கெடு முடியும் முன்பே வங்கியில் நீட்டிப்பு கேளுங்கள். முடிந்த பிறகு வந்து நிற்காதீர்கள். பையர் திவாலானாலும் எல்லாம் போய்விட்டதென்று இல்லை. ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனமான இசிஜிசியின் காப்பீட்டுத் தொகை கிடைத்து, ரிசர்வ் வங்கி முறைப்படி பாக்கியைத் தள்ளுபடி செய்து, பணம் வசூலாகவில்லை என்று அந்த நாட்டு இந்தியத் தூதரகமும் சான்று கொடுத்தால் டிராபேக்கைத் திரும்பக் கேட்க மாட்டார்கள். மூன்றும் சேர்ந்து வேண்டும். காப்பீடே எடுக்காதவரிடம் இதைச் சொல்லிப் பயனில்லை.

இன்னும் ஒன்று. முகவரி மாறினால் ஐஇசியில் மாற்றுங்கள், மெயிலையும் சேர்த்து. நோட்டீஸ் வந்தால் கவரைக் கிழித்து எறியாமல் அதையும் எடுத்து வாருங்கள். 30 நாள் உங்கள் கைக்குக் கிடைத்த தேதியிலிருந்துதான் ஓடுகிறது, அந்தத் தேதியைக் காட்ட அந்தக் கவர் உதவும்.